25 மணி நேர ஞாயிறு: லண்டன் மணி மாறும்போது நம் ஷிஃப்ட், சம்பளம், அலாரம்

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தால், “லண்டன்காரர்களுக்கு இன்றைக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம்” என்று யாராவது சொல்வார்கள். மார்ச் கடைசியில், “ஒரு மணி நேரம் போயிற்று” என்பார்கள். தூங்குகிறவர்களுக்கு இந்தப் பேச்சு போதும். அந்த ராத்திரியில் வேலை பார்ப்பவருக்குப் போதாது. லண்டன் வாடிக்கையாளர்களுக்காகச் சிங்கப்பூரில் உட்கார்ந்து ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இன்னும் போதாது. அவருடைய மேசைக் கடிகாரம் மாறவே மாறாது. ஆனால் ஷிஃப்ட் மாறும், சம்பளக் கணக்கு மாறும், அலாரம் தப்பான நேரத்தில் அடிக்கும்.

ஒரு மணி நேரம் கூடுவதும் இல்லை, போவதும் இல்லை. குழப்பம் எங்கே பிறக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

## 13ஆம் மாடி இல்லாத கட்டடம்

சில ஹோட்டல்களின் லிஃப்டில் 12க்கு அடுத்த பொத்தான் 14 என்று இருக்கும். 12ஆம் மாடியிலிருந்து 14ஆம் மாடிக்குப் படியேறினால் எத்தனை மாடி ஏறுகிறீர்கள்? எண்ணைக் கழித்தால் இரண்டு, காலைக் கேட்டால் ஒன்று. வேறு சில கட்டடங்களில் 12, 12ஏ, 14 என்று போட்டிருப்பார்கள். அங்கே 12 என்ற எண் இரண்டு தளங்களுக்குப் பொது. “நான் பன்னிரண்டில் இருக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், எந்தப் பன்னிரண்டு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

கடிகாரம் காட்டும் மணியும் இப்படி ஒரு பெயர்ப்பலகைதான். அதைக் கடிகார நேரம் என்போம். நிஜமாகவே ஓடிய நிமிடங்களை கழிந்த நேரம் என்போம். வருடத்தில் 363 நாட்கள் இரண்டும் ஒத்துப்போகும். மணியை மாற்றும் இரண்டு நாட்களில் மட்டும் ஒத்துப்போகாது.

லண்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை 1 மணி ஆனதும் கடிகாரம் நேராக 2 மணிக்குத் தாவும். 1.00 முதல் 1.59 வரையிலான பெயர்கள் அன்றைக்கு இல்லவே இல்லை. 13ஆம் மாடி கதைதான். அந்த ஞாயிறுக்கு 23 மணி நேரம். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 1 மணிக்குத் திரும்பிப் போகும். 1.00 முதல் 1.59 வரை இரண்டு தடவை வரும். 12, 12ஏ கதை. அந்த ஞாயிறுக்கு 25 மணி நேரம். இந்த இரண்டு ஞாயிறுகளுக்கும் இடையிலான ஏழு மாதங்களில் லண்டன் பின்பற்றுவது கோடைகால நேரம். மற்ற ஐந்து மாதங்கள் அவர்களுடைய இயல்பு நேரம்.

2026இல் அந்த ஞாயிறுகள் மார்ச் 29, அக்டோபர் 25.

சுருக்கமாக: மாறுவது மணியின் பெயர் மட்டும். பெயர்களைக் கழித்து நேரம் கணக்கிடும் எதுவும் அந்த இரண்டு நாட்களில் தப்பான விடை தரும். பெயரைப் பார்த்து அடிக்கும் எதுவும் எதிர்பாராத தருணத்தில் அடிக்கும்.

## சிங்கப்பூர்க் கடிகாரம் ஏன் நல்ல அளவுகோல்

உலகத்தில் எங்கும் மாறாத பொது நேரம் ஒன்று உண்டு. அதன் பெயர் யூடிசி. ஒவ்வோர் ஊரும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை விலகல் என்பார்கள். சிங்கப்பூரின் விலகல் வருடம் முழுக்க எட்டு மணி. லண்டனின் விலகல் இயல்பு நேரத்தில் பூஜ்யம், கோடையில் ஒன்று. அதனால் நமக்கும் லண்டனுக்கும் உள்ள இடைவெளி கோடையில் ஏழு, குளிரில் எட்டு. இதை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

லண்டன் மணி மாறும் கணம் இரண்டு தடவையும் யூடிசி 1 மணி. அதாவது சிங்கப்பூரில் மார்ச்சிலும் அக்டோபரிலும் ஞாயிறு காலை சரியாக 9 மணி. அவர்கள் இருட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது நாம் பசியாறிக்கொண்டிருப்போம். நம் சுவர்க் கடிகாரம் அந்தக் கணத்தை 8.59, 9.00, 9.01 என்று எந்தச் சலனமும் இல்லாமல் கடந்து போகும். ஆகவே லண்டன் ஷிஃப்டின் உண்மையான நீளம் தெரிய வேண்டுமா, அதன் தொடக்கத்தையும் முடிவையும் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றிக் கழித்துப் பாருங்கள்.

நம் கடிகாரமும் ஒரு காலத்தில் அசையாமல் இருந்ததில்லை என்பதை இடையில் சொல்லிவிடலாம். 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குச் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை நள்ளிரவு 12க்குத் தள்ளியது. ஏழரை மணி விலகல் எட்டானது அன்றைக்குத்தான். அந்த நாளுக்கு இருபத்து மூன்றரை மணி நேரம். அதற்குப் பிறகு இங்கே யாரும் முள்ளைத் தொடவில்லை.

## ஒரே ஷிஃப்ட், மூன்று நீளம்

செல்வி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் ஒரு கணினி உதவி மேசையில் வேலை. ரோஸ்டர் முழுக்க லண்டன் நேரத்தில் இருக்கும். சனி இரவு ஷிஃப்ட் என்றால் லண்டன் நேரப்படி இரவு 10 முதல் ஞாயிறு காலை 6 வரை. ரோஸ்டர் சொல்வது எட்டு மணி நேரம்.

சாதாரணக் கோடை வாரத்தில் அது சிங்கப்பூரில் ஞாயிறு காலை 5 முதல் பிற்பகல் 1 வரை. எட்டு மணி நேரம், சரி.

2026 அக்டோபர் 25 அன்று தொடக்கம் அதே காலை 5தான், ஏனென்றால் அப்போது லண்டன் இன்னும் கோடையில் இருக்கிறது. ஆனால் முடிவு குளிர் நேரத்தில் வருகிறது. லண்டன் காலை 6 என்பது இங்கே பிற்பகல் 2. நடுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்:

| லண்டன் கடிகாரம் | சிங்கப்பூர்க் கடிகாரம் |
|---|---|
| சனி இரவு 10.00 | ஞாயிறு காலை 5.00 |
| நள்ளிரவு 12.00 | காலை 7.00 |
| அதிகாலை 1.00 (முதல் தடவை) | காலை 8.00 |
| அதிகாலை 1.00 (இரண்டாம் தடவை) | காலை 9.00 |
| அதிகாலை 2.00 | காலை 10.00 |
| காலை 6.00 | பிற்பகல் 2.00 |

ஐந்திலிருந்து இரண்டு வரை ஒன்பது மணி நேரம். செல்வி ஒன்பது மணி நேரம் தொலைபேசியை எடுத்திருக்கிறார். ரோஸ்டர் இன்னும் எட்டு என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

மார்ச் 29 அன்று நேர் எதிர். தொடக்கம் குளிர் நேரம், ஆகவே காலை 6. முடிவு கோடை நேரம், ஆகவே பிற்பகல் 1. ஏழு மணி நேரம்தான். ரோஸ்டர் அப்போதும் எட்டு என்றே சொல்லும்.

## பணமாக எவ்வளவு

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் வேலை நேரத்தையும் கூடுதல் நேர ஊதியத்தையும் பற்றிய பகுதி எல்லோருக்கும் பொருந்தாது. உடலுழைப்பு ஊழியர் என்றால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரையிலும், மற்ற ஊழியர்கள் என்றால் 2,600 வெள்ளி வரையிலும் அது பொருந்தும். மேலாளர், நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான்.

செல்வியின் அடிப்படைச் சம்பளம் 2,288 வெள்ளி. மணிக்கு எவ்வளவு என்று பார்க்கச் சட்டம் தரும் வாய்ப்பாடு: மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரம் × 44 மணி நேரத்தால் வகுக்க வேண்டும். 2,288 × 12 = 27,456. 52 × 44 = 2,288. விடை மணிக்கு 12 வெள்ளி. (விடை முழு எண்ணாக வருவதற்காகவே இந்தச் சம்பளத்தை எடுத்துக்கொண்டேன்.) கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 18 வெள்ளி.

அந்த அக்டோபர் வாரத்தில் மற்ற நாட்களில் 36 மணி நேரம் பார்த்திருக்கிறார், இந்த ஷிஃப்ட் எட்டு. ஆக மொத்தம் 44, ஒப்பந்தப்படி சரியான அளவு என்பது ரோஸ்டர் கணக்கு. சாப்பாட்டு இடைவேளையையும் ஓய்வுநாள் ஊதியத்தையும் எளிமைக்காக ஓரமாக வைத்துவிடுவோம். உண்மையில் பார்த்தது 45 மணி நேரம். ஒரு மணி நேரக் கூடுதல் வேலைக்கு 18 வெள்ளி வர வேண்டும். ரோஸ்டரை அப்படியே சம்பளக் கணக்கில் ஏற்றினால் அந்த 18 வெள்ளி எங்கேயும் தென்படாது. யாரும் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. பத்தையும் ஆறையும் ஒரு மென்பொருள் கழித்துப் பார்த்தது, அவ்வளவுதான்.

மார்ச்சில் சில இடங்களில் தலைகீழான கேள்வி எழும்: ஏழு மணி நேரம்தானே பார்த்தார், ஒரு மணி நேரச் சம்பளத்தைப் பிடிக்கலாமா? மாதச் சம்பளக்காரர் வேலைக்கு வராமல் இருந்த நேரத்துக்குப் பிடிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. செல்வியோ முழு ஷிஃப்டும் இருந்தார், ஷிஃப்டே குறுகிவிட்டது. இதை வராத நேரம் என்று எழுதுவது என் பார்வையில் நியாயமில்லை. ஆனால் அந்த வாரத்தின் கூடுதல் நேரத்தைக் கணக்கிடும்போது ஏழு என்றுதான் எடுக்க வேண்டும், எட்டு என்று அல்ல. உண்மை மணிக்கணக்கு என்றால் இரண்டு பக்கமும் உண்மையாக இருக்க வேண்டும்.

“அக்டோபரில் ஒன்று கூட, மார்ச்சில் ஒன்று குறைய, வருடக் கணக்கில் சரியாகிவிடும்” என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். இரண்டு ராத்திரியும் ஒரே ஆள் ரோஸ்டரில் இருந்தால் அப்படிச் சொல்லிப் பார்க்கலாம். அக்டோபரில் செல்வியும் மார்ச்சில் வேறொருவரும் இருந்தால், ஒருவர் தந்த நேரத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டார் என்றுதான் அர்த்தம். தவிர, கூடுதல் நேர வேலை நடந்த சம்பளக் காலம் முடிந்து 14 நாட்களுக்குள் அதற்கான ஊதியம் தரப்பட வேண்டும். ஐந்து மாதம் கழித்து வரும் மார்ச் வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: அங்கே மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்களுக்குச் சட்டம் பார்ப்பது உண்மையில் வேலை பார்த்த நேரத்தை. மணி பின்னால் போகும் இரவில் ஒன்பது மணி நேரம் என்றால் ஒன்பதுக்குச் சம்பளம்.

சுருக்கமாக: சம்பளத்துக்குக் கழிந்த நேரம்தான் அளவு. தொடக்கமும் முடிவும் ஒரே விலகலில் எழுதப்பட்டிருந்தால்தான் கழித்தல் சரியாக வரும்.

## டைம் கார்டு எப்படிக் காட்டிக்கொடுக்கும்

தவறு நடந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. பெரும்பாலான சிறு அலுவலகங்களில் நேரக்கணக்கு எக்செல் கோப்பில்தான் இருக்கும். அதில் A2 கட்டத்தில் தொடக்கம், B2 கட்டத்தில் முடிவு, பக்கத்தில் இது:

```
=(B2-A2)*24
```

லண்டன் நேரத்தில் `2026-10-24 22:00`, `2026-10-25 06:00` என்று போட்டால் விடை 8. அதே ஷிஃப்டைச் சிங்கப்பூர் நேரத்தில் `2026-10-25 05:00`, `2026-10-25 14:00` என்று போட்டால் 9. இரண்டும் வேறுபட்டால் நடுவில் மணி மாறியிருக்கிறது. சிங்கப்பூர் விடைதான் சரி.

திரும்பி வரும் அந்த ஒரு மணிக்குள் யாராவது பதிவு செய்தால் கூத்து இன்னும் வெளிப்படையாகத் தெரியும். லண்டன் அலுவலகத்தில் ஒருவர் அதிகாலை 1.40க்கு இடைவேளைக்குப் போகிறார், 1.20க்குத் திரும்புகிறார். எழுத்துப் பிழை இல்லை. முதல் 1.40க்குப் போய், மணி பின்னால் போன பிறகு இரண்டாம் 1.20க்கு வந்திருக்கிறார். மாறுவதற்கு முன் 20 நிமிடம், மாறிய பின் 20 நிமிடம், ஆக 40 நிமிடம். மேலே உள்ள வாய்ப்பாடு இதற்கு −0.33 மணி என்று கழித்தல் குறியோடு காட்டும். நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டுக்காகப் பலர் போட்டு வைத்திருக்கும் இந்த வாய்ப்பாடோ அதைவிட மோசம்:

```
=MOD(B2-A2,1)*24
```

இதற்கு விடை 23.67. அதாவது 23 மணி 40 நிமிடம் அவர் இடைவேளையில் இருந்தார் என்று எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எழுதிவிடும். கழித்தல் குறி வந்தால் யாராவது கவனிப்பார்கள், 23.67 என்பது நீண்ட பட்டியலில் மறைந்துவிடும்.

மருந்து ஒன்றுதான்: நேரத்தோடு விலகலையும் சேர்த்து எழுதுவது. அப்போது எந்த 1.40, எந்த 1.20 என்ற சந்தேகமே வராது.

```
2026-10-25T01:40+01:00
2026-10-25T01:20+00:00
```

முதல் வரியின் விலகல் ஒன்று, இரண்டாவதன் விலகல் பூஜ்யம். உங்கள் நேரப்பதிவு மென்பொருள் இப்படி எழுதுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் சிங்கப்பூர் நேரத்தையும் கையால் குறித்து, மேற்பார்வையாளருக்கு அன்றைக்கே அனுப்பிவிடுவது நல்லது. சம்பளச் சீட்டு வந்ததும் கூடுதல் நேர மணிகள் என்ற வரியைப் பாருங்கள். கூடுதல் நேர வேலை பார்த்திருந்தால் அந்த வரி சீட்டில் இருக்க வேண்டும்.

## அலாரம்: சிங்கப்பூரில் வில்லங்கம் மார்ச்சில்தான்

கைத்தொலைபேசி அலாரம் கைத்தொலைபேசி இருக்கும் ஊரின் கடிகார நேரத்தைப் பார்த்து அடிக்கிறது. லண்டனில் இருப்பவரின் தொலைபேசி தானாக மாறிக்கொள்ளும். காலை 6 மணி அலாரம் புதிய 6 மணிக்கு அடிக்கும். (எப்போதும் இப்படி ஒழுங்காக நடந்ததில்லை. 2010 இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவில் மணி மாறியபோது, தினமும் அடிக்கும்படி வைத்த ஐஃபோன் அலாரங்கள் ஒரு மணி நேரம் தாமதமாக அடித்து, பலர் வேலைக்குத் தாமதமாகப் போனார்கள்.) அடுப்பு, கார், சுவர்க் கடிகாரம் ஆகியவற்றைப் பெரும்பாலும் கையால்தான் மாற்ற வேண்டும்.

கவுன்ட்டவுன் டைமர் வேறு ரகம். எட்டு மணி நேரம் என்று வைத்தால் கழிந்த நேரத்தில் எட்டு மணி ஓடிய பிறகுதான் அடிக்கும்; மணி மாற்றம் அதைத் தொடாது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்த ராத்திரி டைமரே உத்தமம்.

சிங்கப்பூரில் இருப்பவரின் பிரச்சினை வேறு. நம் தொலைபேசிக்கு லண்டன் மாறியதே தெரியாது. லண்டன் பிற்பகல் 2 மணி ஷிஃப்டுக்குக் குளிர்காலம் முழுக்க இங்கே இரவு 10 மணிக்கு உட்காருகிறீர்கள்; குளித்துச் சாப்பிட 9.15க்கு அலாரம். மார்ச் 29 அன்று லண்டன் 2 மணி என்பது இங்கே இரவு 9 ஆகிவிடும். அலாரம் வழக்கம்போல 9.15க்கு அடிக்கும். நீங்கள் கண் விழிக்கும்போதே கால் மணி நேரம் தாமதம். அக்டோபரில் இதே தவறு நடந்தால் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். எரிச்சல்தான், எச்சரிக்கைக் கடிதம் வராது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, தொலைபேசியில் இரண்டு அலாரம் வைத்து “லண்டன் கோடை 8.15”, “லண்டன் குளிர் 9.15” என்று பெயர் போட்டுவிடுவது. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் காலை 9 மணிக்கு மேல் ஒன்றை அணைத்து மற்றதை எழுப்பிவிட வேண்டியதுதான். இரண்டாவது, நாட்காட்டிச் செயலியில் ஷிஃப்டைப் பதிந்து, அதன் நேர மண்டலமாக `Europe/London` அல்லது `London` என்று தேர்ந்தெடுப்பது. அப்படிச் செய்தால் அது லண்டன் 2 மணியோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே தெரியும் நேரம் தானாக 10இலிருந்து 9க்கு நகரும். ஆனால் நாட்காட்டி நினைவூட்டல் பெரும்பாலும் ஒரு சின்ன ஒலியோடு நின்றுவிடும். தூங்குகிறவரை அது எழுப்பாது. அதனால் அதை மணி மாறியதைக் காட்டும் குறியாக வைத்துக்கொண்டு, எழுப்பும் வேலையை அலாரத்திடமே விடுங்கள்.

வாராந்தரக் கூட்டங்களும் இப்படித்தான் நகர்கின்றன, அல்லது நகராமல் நிற்கின்றன. அழைப்பை அனுப்பியவர் எந்த ஊர் நேரத்தில் போட்டார் என்பதே கேள்வி. லண்டன் மேலாளர் தன் காலை 9 மணி என்று போட்டிருந்தால் நமக்கு அது கோடையில் மாலை 4, குளிரில் 5. நீங்கள் சிங்கப்பூர் மாலை 4 என்று போட்டிருந்தால் உங்களுக்கு ஒன்றும் மாறாது. அக்டோபர் கடைசியில் லண்டன்காரர் காலை 8 மணிக்கு முனகிக்கொண்டே வந்து சேருவார்.

## சிட்னி, நியூயார்க் மேசையில் இருப்பவர்களுக்கு

கணக்கு அதேதான், நாளும் திசையும் வேறு. சிட்னிக்கு லண்டனின் குளிர்மாதங்கள்தான் கோடை. ஆகவே அங்கே அக்டோபர் முதல் ஞாயிறுக்கு 23 மணி நேரம், ஏப்ரல் முதல் ஞாயிறுக்கு 25. 2026இல் ஏப்ரல் 5, அக்டோபர் 4. மாறும் கணம் சிங்கப்பூரில் சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் நள்ளிரவு 12 மணி. சனி இரவு ஷிஃப்டை அது சரியாக நடுவில் வெட்டும். சிட்னி மேசையில் இருப்பவர் அலாரத்தைச் சனிக்கிழமை தூங்கப் போகும் முன்பே பார்த்துவிட வேண்டும். அவர்களுக்குத் தாமத ஆபத்து அக்டோபரில்.

நியூயார்க் மார்ச் இரண்டாம் ஞாயிறில் முன்னே போகும், நவம்பர் முதல் ஞாயிறில் பின்னே வரும். 2026இல் மார்ச் 8, நவம்பர் 1. இங்கே அது மார்ச்சில் ஞாயிறு பிற்பகல் 3 மணி, நவம்பரில் பிற்பகல் 2 மணி. லண்டனும் நியூயார்க்கும் ஒரே நாளில் மாறாததால் மார்ச் 8 முதல் 29 வரை மூன்று வாரம் அவர்களுக்கிடையே வழக்கமான ஐந்து மணி நேரம் இல்லை, நான்குதான். இரண்டு மேசைக்கும் சேர்த்து ரோஸ்டர் போடுகிறவர்கள் அந்த மூன்று வாரத்தையும், அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரையிலான ஒரு வாரத்தையும் தனியாக வட்டமிட்டு வைக்க வேண்டும். பழைய ரோஸ்டரை நகலெடுத்து ஒட்டும்போது இந்த வாரங்களில்தான் ஒரு மணி நேரம் மேசையில் ஆளே இல்லாமல் போகும், அல்லது இரண்டு பேர் ஒரே நாற்காலிக்கு வருவார்கள்.